எல்லாமே அவசரம் என்றால் பேக்லாக்கில் எதை மேலே வைப்பது? சேல்ஸுக்கு 'இல்லை' என்று எப்படிச் சொல்வது?

பின்னிரவு · மார்ச் 4, இரவு 11:20

ப்ராடக்ட் ஓனரின் உண்மையான வேலை 'இல்லை' சொல்வதுதான் என்கிறார்கள். சொல்லிப் பார்த்துவிட்டேன், எடுபடவில்லை.

பில்லிங் மென்பொருள், ஒரே டீம், இரண்டு வார ஸ்பிரிண்ட். நான்கு வேலைகள் மோதுகின்றன. பெரிய வாடிக்கையாளர் ஒருவர் கேட்கும் ஒப்புதல் அடுக்குகள், டெவலப்பர்கள் கணக்கில் 6 வாரம். தோற்றுப்போன பணப்பரிமாற்றத்தைத் தானாக மறுபடி முயலும் ரீட்ரை, 2 வாரம். பழைய லாகின் லைப்ரரியை மாற்றுவது, 3 வாரம். தேடல் பக்கத்தில் ஒரு ஃபில்டர், 1 வாரம்.

சேல்ஸ் தலைவர் ஒப்புதல் வேலையை உடனே தொடங்கச் சொல்கிறார். ஸ்பிரிண்ட் இன்னும் பாதிதான் முடிந்திருக்கிறது. மூன்று முறை "பேக்லாக்கில் போட்டிருக்கிறேன்" என்று பதில் எழுதினேன். நான்காவது மெயிலில் நிர்வாகம் முழுக்க சிசி. வரிசையை எதை வைத்து நியாயப்படுத்துவது?

கையேட்டுக்காரன் · மார்ச் 4, இரவு 11:48

இதில் நியாயப்படுத்த என்ன இருக்கிறது? ஸ்க்ரம் கையேடு தெளிவாகச் சொல்கிறது. ப்ராடக்ட் ஓனர் ஒரு தனி ஆள், குழு அல்ல. பேக்லாக்கின் வரிசை அவர் பொறுப்பு, அவர் முடிவை நிறுவனம் முழுவதும் மதிக்க வேண்டும். அந்தப் பக்கத்தை ரிப்ளை ஆல் போடுங்கள்.

கணக்குப்பிள்ளை · மார்ச் 5, காலை 7:05

கையேட்டுக்காரரே, பாதியை மேற்கோள் காட்டிவிட்டு மீதியை விட்டுவிட்டீர்கள். வரிசையை மாற்ற விரும்புகிறவர் ப்ராடக்ட் ஓனரை இணங்க வைக்க முயலலாம் என்றும் அதே கையேட்டில் இருக்கிறது. சேல்ஸ் தலைவர் அதைத்தான் செய்கிறார், கொஞ்சம் சத்தமாக. அவர் எதைக் காட்டினால் இவர் இணங்குவார் என்பது யாருக்கும் தெரியாததுதான் சிக்கல். இவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. "பேக்லாக்கில் போட்டிருக்கிறேன்" என்பதைக் கேட்டவர் 'வருகிறது' என்று புரிந்துகொள்கிறார், சொன்னவர் 'வராது' என்று நினைத்துச் சொல்கிறார். மூன்று வாரம் கழித்து அவர் கொதிப்பதில் தப்பில்லை.

புதுவரவு · மார்ச் 5, காலை 9:30

எங்கள் டீமிலும் இதே பிரச்சனை. காலை ஸ்டாண்டப்பில் யார் எந்த டிக்கெட்டை எடுப்பது என்று தினமும் சண்டை. ப்ராடக்ட் ஓனர் பெயர் போட்டுக் கொடுத்துவிட்டால் தீராதா? நாங்கள் எல்லா டிக்கெட்டுக்கும் ஹையஸ்ட் என்று குறித்தும் பார்த்துவிட்டோம்.

பழைய டெஸ்டர் · மார்ச் 5, காலை 9:52

புதுவரவு, அது வேறு கதை. ஸ்பிரிண்ட்டுக்குள் யார் எதை எடுப்பது என்பது டெவலப்பர்கள் தங்களுக்குள் முடிவு செய்துகொள்வது. அதில் ப்ராடக்ட் ஓனர் கை வைத்தால் அவர் மேஸ்திரி ஆகிவிடுவார். இங்கே பேச்சு அடுத்து எந்த வேலை என்பதைப் பற்றி.

ஆனால் ஹையஸ்ட் சமாச்சாரம் இதோடு சேர்ந்ததுதான். ஜிராவில் ப்ரையாரிட்டி என்ற கட்டமும் பேக்லாக்கில் மேலே கீழே இழுக்கும் ரேங்க்கும் தனித்தனி. முதலாவதில் நாற்பது டிக்கெட்டுக்கு ஹையஸ்ட் போடலாம், எந்த மென்பொருளும் தடுக்காது. இரண்டாவதில் முதலிடம் ஒன்றுதான். கையேட்டில் முன்பு 'முன்னுரிமை' என்று இருந்த சொல்லை 2011 பதிப்பில் 'வரிசை' என்று மாற்றினார்கள். இரண்டு வேலையும் முக்கியம்தான், அதனால் என்ன, எது முன்னால் என்று கேட்டால்தான் பேச்சே தொடங்கும்.

கணக்குப்பிள்ளை · மார்ச் 5, மதியம் 1:15

பின்னிரவு, உங்கள் பதிவில் நான்கு வேலைக்கும் நாள் கணக்கு இருக்கிறது. தாமதமானால் என்ன நஷ்டம் என்ற கணக்கு ஒன்றுக்குக்கூட இல்லை. அதனால்தான் குரல் பெரிதாக உள்ளவர் ஜெயிக்கிறார்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இது ஒரு வாரம் தள்ளிப்போனால் என்ன இழப்பு? 'எவ்வளவு முக்கியம்' என்று கேட்காதீர்கள், எல்லோரும் பத்துக்குப் பத்து போடுவார்கள். கேட்கும் முறையும் உண்டு. சேல்ஸிடம்: இது நான்கு வாரம் தாமதமாக வந்தால் வாடிக்கையாளர் என்ன செய்வார், ஒப்பந்தம் எப்போது புதுப்பிக்க வருகிறது, இதை எழுதிக் கேட்டாரா, பேச்சுவாக்கில் சொன்னாரா? சப்போர்ட்டிடம்: ரீட்ரை இல்லாததால் வாரத்துக்கு எத்தனை பரிமாற்றம் கைமுறையாகச் சரிசெய்யப்படுகிறது, எத்தனை பேர் பணம் கட்டாமலே போய்விடுகிறார்கள்? லாகின் பற்றி டெவலப்பர்களிடம்: இன்று மாற்றாவிட்டால் நாளை எதுவும் கெடுமா, அல்லது குறிப்பிட்ட தேதிக்குப் பிறகுதான் கெடுமா?

கடைசிக் கேள்வி முக்கியம். சில வேலைகள் ஓட்டைக் குடம், தினமும் ஒழுகும். சில வேலைகள் கெடு தேதி உள்ளவை, அதுவரை ஒன்றும் ஆகாது, தாண்டினால் மொத்தமாகக் கொட்டும். இரண்டையும் ஒரே தராசில் போட்டால் கெடு உள்ள வேலை எப்போதும் தோற்கும், கடைசி வாரத்தில் பேயாக வந்து நிற்கும்.

பணத்தில் சொல்ல முடியாவிட்டால் ஒரு பொது அலகு வைத்துக்கொள்ளுங்கள். சின்ன இழப்பு எதுவோ அதோடு ஒப்பிட்டு மற்றவற்றைச் சொன்னால் போதும்.

பின்னிரவு · மார்ச் 7, இரவு 10:40

இரண்டு நாள் அலைந்து வாங்கிய எண்கள். ஒரு வாரம் தாமதித்தால்:

ஒப்புதல்: 12 அலகு (சேல்ஸ் முதலில் 30 என்றார். ஒப்பந்தத் தேதியைக் கேட்டதும் 12க்கு வந்தார்)
ரீட்ரை: 8 அலகு
ஃபில்டர்: 3 அலகு
லாகின்: 10ஆவது வார முடிவு வரை 0. அதன் பிறகு லைப்ரரிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது, இரண்டு ஒப்பந்தங்களில் அபராத விதி இருக்கிறது. வாரத்துக்கு 20.

அப்படியென்றால் 12 தானே பெரிது? சேல்ஸ் சொன்னது சரிதானோ என்று இப்போது எனக்கே சந்தேகம்.

கணக்குப்பிள்ளை · மார்ச் 8, காலை 6:50

இழப்பை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். கால அளவால் வகுங்கள். ஒப்புதல் 12ஐ 6ஆல் வகுத்தால் 2. ரீட்ரை 8ஐ 2ஆல் வகுத்தால் 4. ஃபில்டர் 3ஐ 1ஆல் வகுத்தால் 3. ஒப்புதலை முதலில் எடுத்தால் 6 வாரமும் ரீட்ரை ஒழுகிக்கொண்டே இருக்கும். ரீட்ரையை முதலில் எடுத்தால் ஒப்புதல் 2 வாரம்தான் காத்திருக்கும். பெரிய வண்டிக்குப் பின்னால் சின்ன வண்டிகள் நிற்பதற்கும், சின்ன வண்டிக்குப் பின்னால் பெரியது நிற்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

முழு வரிசைக்கும் போட்டுப் பார்ப்போம். டீம் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்கிறது, அடுத்த ஸ்பிரிண்ட் தொடங்கும் திங்கள்தான் பூஜ்யம்.

ஒப்புதலை முதலில் வைத்தால், மற்றதை எவ்வளவு சாமர்த்தியமாக அடுக்கினாலும் மொத்த இழப்பு 189க்குக் கீழே வராது. அந்த வரிசை: ஒப்புதல் 6ஆவது வாரம் முடியும், 72. ஃபில்டர் 7இல், 21. லாகின் 10இல், கெடுவுக்குள், 0. ரீட்ரை 12இல், 96.

ரீட்ரை, ஃபில்டர், லாகின், ஒப்புதல் என்று வைத்தால்: 16, 9, 0, 144. மொத்தம் 169.

20 அலகு வித்தியாசம். மெயிலில் போட வேண்டியது இந்த ஒரு எண்தான்: "நீங்கள் கேட்கும் வரிசைக்கு 20 அலகு கூடுதலாகக் கொடுக்கிறோம், எதற்காக?"

எண்ணும் எழுத்தும் · மார்ச் 8, காலை 8:20

பொறுங்கள். நான்கு வேலைக்கு 24 வரிசைதான், எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். உங்கள் 169 சிறந்ததில்லை. ரீட்ரை, ஒப்புதல், லாகின், ஃபில்டர்: 16, 96, 20, 36. மொத்தம் 168. லாகின் கெடுவை ஒரு வாரம் தவறவிடுவதே லாபம்!

கணக்குப்பிள்ளை · மார்ச் 8, காலை 9:10

சரி, தோற்றேன். கெடு உள்ள வேலை நடுவில் வந்துவிட்டால் வகுத்துக் கிடைக்கும் வரிசை சிறந்ததாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனாலும் 168ஐ எடுக்க மாட்டேன். ஒரு அலகு வித்தியாசம் எந்த எஸ்டிமேட்டின் பிழையையும்விடச் சின்னது. இப்போது ஒப்புதல் வேலை 6 வாரம் இல்லை, 8 வாரம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த அளவு வேலைக்கு இரண்டு வாரம் வழுக்குவது அதிசயம் இல்லை. உங்கள் வரிசையில் ஒப்புதல் 10இல் முடியும், 120. லாகின் 13இல், மூன்று வாரம் தாமதம், 60. ஃபில்டர் 14இல், 42. ரீட்ரையின் 16ஐயும் சேர்த்தால் 238. என் வரிசையில் ஒப்புதல் மட்டும் 14க்குப் போகும்: 16, 9, 0, 168. மொத்தம் 193.

பெரிய, தெளிவில்லாத வேலை முன்னால் இருந்தால் அதன் வழுக்கல் பின்னால் நிற்கும் எல்லோர் தலையிலும் விழும். கடைசியில் இருந்தால் அதன் தலையில் மட்டும். முதல் எண் தப்பானால் எந்த வரிசை தாங்கும் என்று பார்ப்பது இன்னும் ஒரு சுற்று வேலை. அதைச் செய்யாமல் எண்ணைக் கொண்டுபோய் நீட்டினால் சேல்ஸ்காரர் இதே கேள்வியைக் கேட்டு உங்களை மடக்குவார்.

எண்ணும் எழுத்தும் · மார்ச் 8, காலை 9:25

அபராதம் உண்மையிலேயே வாரக் கணக்கில்தானா? ஒரு நாள் தாண்டினாலே ஒப்பந்தம் முறியும் என்றால் 20 என்பதே அர்த்தமில்லாதது. பின்னிரவு, அந்த விதியைப் படித்தீர்களா, கேட்டு எழுதினீர்களா?

பின்னிரவு · மார்ச் 8, காலை 11:02

கேட்டு எழுதினேன். படிக்கிறேன்.

அந்தப் பக்கத்து ஆள் · மார்ச் 8, மாலை 6:30

நான் சேல்ஸ். இந்தக் கணக்கைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். 30 என்று ஏன் சொல்கிறோம் தெரியுமா? 12 என்று உண்மையைச் சொன்னால் வரிசையில் பத்தாவது இடம் கிடைக்கும் என்று அனுபவம் சொல்கிறது. பதிலே வராத இடத்தில் எண்ணை ஊதித்தான் காட்டுவார்கள்.

இன்னொன்றும் உண்டு. வாடிக்கையாளர் 'ஒப்புதல் அடுக்குகள் வேண்டும்' என்று சொன்னதை அப்படியே எழுதி அனுப்பியிருப்பார் உங்கள் ஆள். எதற்கு என்று கேட்டிருக்க மாட்டார். நானும் கேட்பதில்லை, கேட்டால் விற்பனை தள்ளிப்போகுமோ என்று பயம். நீங்கள் எங்களோடு ஒரு அழைப்பில் உட்கார்ந்து கேட்டால் நாங்கள் தடுக்க மாட்டோம்.

கையேட்டுக்காரன் · மார்ச் 8, இரவு 8:15

நல்ல யோசனை. வாடிக்கையாளரை நேரடியாகக் கேளுங்கள். ஆனால் அதுவரை ஸ்பிரிண்ட் பாதியில் சேர்க்கும் பேச்சே கூடாது. ஸ்பிரிண்ட்டில் எதையும் தொடக்கூடாது என்பது விதி.

பழைய டெஸ்டர் · மார்ச் 8, இரவு 8:40

அப்படி ஒரு விதி இல்லை அண்ணே. ஸ்பிரிண்ட்டின் இலக்குக்கு ஆபத்து வரும் மாற்றம்தான் கூடாது. வேலை நடக்க நடக்கத் தெளிவு பிறந்தால் அளவை ப்ராடக்ட் ஓனரும் டெவலப்பர்களும் மறுபடி பேசிக்கொள்ளலாம். ஸ்பிரிண்ட்டையே ரத்து செய்யும் அதிகாரமும் ப்ராடக்ட் ஓனருக்கு மட்டும் உண்டு, ஆனால் இலக்கு காலாவதியானால்தான். ஒருவர் கோபமாக மெயில் அனுப்பினார் என்பதால் இலக்கு காலாவதியாகாது.

நடைமுறையில் பின்னிரவு சொல்ல வேண்டிய பதில்: "இதை இப்போது உள்ளே எடுத்தால் இந்த இலக்கில் இன்னது விழும், அது போகட்டும் என்று சொல்கிறீர்களா?" கேட்பவர் பெரும்பாலும் அந்த 'இன்னது' யாருடையது என்று பார்ப்பார். அது அவருடைய பக்கத்து இருக்கைக்காரருடையதாக இருந்தால் அமைதியாகிவிடுவார். உற்பத்தியில் எல்லாமே படுத்துவிட்டது என்றால் மட்டும் வேறு, அப்போது இந்தப் பேச்செல்லாம் தேவையில்லை, போய்ச் சரிசெய்ய வேண்டியதுதான்.

பின்னிரவு · மார்ச் 12, இரவு 9:55

அழைப்பில் உட்கார்ந்தோம். வாடிக்கையாளரின் நிதிப் பிரிவில் ஒருவர் பேசினார். ஒப்புதல் அடுக்குகள் என்று அவர் சொன்னது இதுதான்: ஒரு வரம்புக்கு மேல் உள்ள பில்லை இரண்டாவது ஆள் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும், யார் எப்போது சொன்னார் என்ற பதிவு இருக்க வேண்டும். அவர்கள் தணிக்கைக்கு இது போதும். எங்கள் 6 வார எஸ்டிமேட்டில் ஐந்து அடுக்கு, விடுப்பில் போனவருக்குப் பதிலாள், துறைவாரி விதி, மொபைல் அறிவிப்பு எல்லாம் இருந்தது. அது எங்கள் கற்பனை. சேல்ஸ் தலைவரும் கொஞ்சம் நெளிந்தார், நானும்தான்.

டெவலப்பர்கள் இந்தச் சிறு பகுதிக்கு 2 வாரம் என்கிறார்கள். மீதி 4 வாரம். வாரத்துக்கு 12 இழப்பில் 9 இந்தப் பகுதியோடு தீர்ந்துவிடும் என்று நானும் சேல்ஸும் ஒப்புக்கொண்டோம்.

லாகின் ஒப்பந்தத்தையும் படித்தேன். ஒன்றில் வாரக் கணக்குதான். மற்றதில் 30 நாள் அவகாசம் இருக்கிறது. ஆக 20 என்பது கொஞ்சம் அதிகம், முறிவு இல்லை.

கணக்குப்பிள்ளை · மார்ச் 13, காலை 6:45

இப்போது கணக்கே மாறிவிட்டது. சிறு ஒப்புதல்: 9ஐ 2ஆல் வகுத்தால் 4.5. ரீட்ரையைவிட மேலே! மீதி ஒப்புதல்: 3ஐ 4ஆல் வகுத்தால் 0.75, எல்லாவற்றுக்கும் கீழே.

வரிசை: சிறு ஒப்புதல் 2ஆவது வாரம், 18. ரீட்ரை 4இல், 32. ஃபில்டர் 5இல், 15. லாகின் 8இல், கெடுவுக்கு இரண்டு வாரம் முன்பே, 0. மீதி ஒப்புதல் 12இல், 36. மொத்தம் 101.

169க்கும் 168க்கும் நடுவே நாங்கள் அடித்துக்கொண்டோம். வேலையை வெட்டியதும் 101. சேல்ஸ் தலைவர் கேட்டது முதலிடத்தில் இருக்கிறது, நீங்கள் 'இல்லை' சொன்னது அதன் மூன்றில் இரண்டு பங்குக்கு. லாகினின் 20 இப்போது 15 ஆனாலும் 10 ஆனாலும் வரிசை மாறாது, அது கெடுவுக்கு முன்பே முடிந்துவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை. மீதி 4 வார வேலை பேக்லாக்கில் 'ஒப்புதல், பாகம் 2' என்ற பெயரில் உட்கார்ந்தால், ஆறு மாதத்தில் அது வாக்குறுதியாகிவிடும். வாடிக்கையாளர் யாரும் கேட்காத வரை அதைத் தூக்கி எறியுங்கள். கேட்டால் மறுபடி எழுதிக்கொள்ளலாம்.

அந்தப் பக்கத்து ஆள் · மார்ச் 13, காலை 10:30

12இல் 9 தீரும் என்பதை நான் நம்பவில்லை. தணிக்கைக்கு இரண்டு ஆள் போதும் என்பது நிதிப் பிரிவின் பேச்சு. கையெழுத்துப் போடுகிறவர் அவர்கள் கொள்முதல் தலைவர். அவருக்குத் துறைவாரி விதி வேண்டும் என்று எனக்குப் படுகிறது, இதுபோன்ற இடங்களில் அப்படித்தான் இருக்கும். அவரிடம் கேட்காமல் 9 என்று எழுதுவது ஆசை.

கணக்குப்பிள்ளை · மார்ச் 13, காலை 11:15

நியாயம். 9க்குப் பதில் 5 என்றால் 2.5. அப்போது வரிசை ரீட்ரை, ஃபில்டர், பிறகு சிறு ஒப்புதல். மீதி ஒப்புதல் 7ஐ 4ஆல் வகுத்தால் 1.75, அதுவும் தூக்கி எறியும் ரகம் இல்லை, நான் மேலே சொன்னதை அந்த அளவுக்குத் திரும்பப் பெறுகிறேன். ஒரு ஆளிடம் கேட்கும் ஒரு கேள்வி முதலிடத்தை மாற்றுகிறது என்றால் அந்தக் கேள்வியை இந்த வாரமே கேட்க வேண்டும். ஸ்பிரிண்ட் திட்டமிடலுக்கு முன்னால்.

எண்ணும் எழுத்தும் · மார்ச் 13, மதியம் 12:05

ஒப்பிட்டுப் புள்ளி போடும் முறையை ஏன் யாரும் சொல்லவில்லை? வணிக மதிப்பு, அவசரம், ஆபத்துக் குறைப்பு மூன்றையும் 1 முதல் 20 வரை கூட்டி, வேலையின் அளவால் வகுப்பது. எங்கள் இடத்தில் அதைத்தான் செய்கிறோம்.

பழைய டெஸ்டர் · மார்ச் 13, மதியம் 12:40

செய்யலாம். மூன்று இடத்தில் கவிழும். அட்டவணையின் ஒவ்வொரு பத்தியிலும் குறைந்தது ஒரு வேலைக்கு 1 போட வேண்டும் என்ற விதியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மறந்தால் எல்லாம் 13, 20 என்று குவியும், பிறகு வகுக்கும் எண்தான் வரிசையைத் தீர்மானிக்கும், சின்ன வேலைகள் மட்டும் மேலே மிதக்கும். அடுத்து, வகுக்க ஸ்டோரி பாயிண்ட்டை எடுக்கிறார்கள். வெளியே யாருடைய அனுமதிக்கோ மூன்று வாரம் காத்திருக்கும் வேலைக்குப் பாயிண்ட் 2 தான் இருக்கும், ஆனால் நாள்காட்டியில் நீளம். மூன்றாவது, புள்ளி போட ஆளாளுக்குத் தனியாகத் தாள் அனுப்புவது. எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, பத்தி பத்தியாகப் போட வேண்டும். வேலை வேலையாகப் போட்டால் அவரவர் வேலை வரும்போது கை ஏறும்.

பின்னிரவு · மார்ச் 15, இரவு 11:10

கொள்முதல் தலைவரைப் பிடிக்க முடியவில்லை, வெளியூரில் இருக்கிறாராம். திங்கள் திட்டமிடல். 9க்கும் 5க்கும் நடுவில் 7 என்று வைத்தேன். 3.5 வருகிறது. ரீட்ரை முதலில், சிறு ஒப்புதல் இரண்டாவது.

'இல்லை' மெயிலை எப்படி எழுதுவது? முன்பு எழுதியது வேலைக்கு ஆகவில்லை.

கணக்குப்பிள்ளை · மார்ச் 16, காலை 7:20

முடிவு முதல் வரியில் இருக்கட்டும். காரணம் எண்ணோடு. எது தெரிந்தால் முடிவு மாறும் என்பதும், எந்தத் தேதியில் மறுபடி பார்ப்பீர்கள் என்பதும். இவ்வளவுதான். மாதிரிக்கு:

"ஒப்புதல் வேலை முழுவதையும் இப்போது எடுக்கவில்லை. வரம்புக்கு மேல் இரண்டாவது ஆள் ஒப்புதல், பதிவு இரண்டையும் மட்டும், ரீட்ரை முடிந்தவுடன் தொடங்குகிறோம். எஸ்டிமேட்படி நான்காவது வார முடிவில் கையில் இருக்கும். முழுதையும் முதலில் எடுத்தால் ரீட்ரை ஆறு வாரம் தள்ளும், வாரத்துக்கு 8 அலகு இழப்பு. துறைவாரி விதி இல்லாமல் கையெழுத்து ஆகாது என்று கொள்முதல் தலைவர் எழுதினால் வரிசையை மறுபடி போடுவேன். எப்படியும் 30ஆம் தேதி பார்க்கிறேன்."

'முயற்சி செய்கிறோம்', 'விரைவில்', 'அடுத்த காலாண்டில் பரிசீலனை' எதுவும் வேண்டாம். கேட்ட இரண்டு வேலை நாளுக்குள் அனுப்புங்கள். தாமதமான 'இல்லை'யை யாரும் 'இல்லை' என்று நினைப்பதில்லை. கேட்டவருக்கு முதலில் தனியாகப் போன் செய்துவிட்டுப் பிறகு மெயில். சிசி கூட்டத்தின் முன்னால் முதல் முறையாகக் கேட்டால் அவர் கௌரவத்துக்காகவே எதிர்ப்பார்.

மூன்றாம் மாடி · மார்ச் 16, காலை 10:05

எல்லாம் சரி. மேலே உள்ளவர் "எனக்கு இது வேண்டும், கணக்கு வேண்டாம்" என்றால்? எங்கள் இடத்தில் ப்ராடக்ட் ஓனர் என்பது பெயருக்குத்தான். வாடிக்கையாளர் பக்கத்து மேலாளர் சொல்வதை டிக்கெட்டாகத் தட்டச்சு செய்வதுதான் வேலை.

கணக்குப்பிள்ளை · மார்ச் 16, காலை 10:50

அவருக்கு அந்த அதிகாரம் இருக்கிறதென்றால் மாற்றிவிடுங்கள். சண்டை வேண்டாம். வரிசைக்குப் பக்கத்தில் ஒரு வரி: தேதி, யார் மாற்றச் சொன்னார், எது கீழே போனது, கூடுதல் இழப்பு எவ்வளவு. குற்றப்பத்திரிகை மாதிரி இல்லாமல், பயணச்சீட்டு மாதிரி. மூன்று மாதம் கழித்து அந்த வரிகளை ஒன்றாகக் காட்டுங்கள்.

வரிசையை மாற்றும் அதிகாரமே வேறு ஆளிடம் இருந்தால், ப்ராடக்ட் ஓனர் அவர்தான். நீங்கள் அவருக்கு எழுத்தர். அவரையே திட்டமிடலுக்கு வரச் சொல்லுங்கள். வரமாட்டார் என்றால் உங்களிடம் விட்டுவிடுவார், அல்லது வந்துவிடுவார். இரண்டும் இப்போது இருப்பதைவிட மேல்.

மூன்றாம் மாடி · மார்ச் 16, காலை 11:20

இரண்டும் நடக்காது. வரவும் மாட்டார், விடவும் மாட்டார்.

பழைய டெஸ்டர் · மார்ச் 16, மதியம் 2:30

அதற்கு இந்த இழையில் மருந்து இல்லை என்று நினைக்கிறேன்.

பின்னிரவுக்கு ஒன்று. உங்கள் பேக்லாக்கில் மொத்தம் எத்தனை? நூறைத் தாண்டினால் வரிசை என்பதே பொய். இருபதாவதுக்குக் கீழே யாரும் ஒப்பிட்டு வைத்திருக்க மாட்டார்கள். பழையதைத் தேட:

```
project = BILL AND statusCategory = "To Do" AND created <= -180d ORDER BY created ASC
```

`updated` வைத்துத் தேடாதீர்கள். யாராவது மொத்தமாக லேபிள் போட்டிருந்தால் எல்லா டிக்கெட்டும் அன்றைக்குத் தொட்டதாகக் காட்டும். கிடைத்ததை அழிக்க வேண்டாம், மூடிவிடுங்கள், கேட்டவருக்கு ஒரு வரி: "ஆறு மாதமாக எடுக்கவில்லை, மூடுகிறேன். இன்னும் தேவை என்றால் சொல்லுங்கள்."

பின்னிரவு · மார்ச் 19, இரவு 10:15

340 இருந்தது. 212ஐ மூடினேன். திரும்ப வேண்டும் என்று வந்தவை 7. அதில் இரண்டு ஏற்கெனவே செய்து முடித்தவை, கேட்டவருக்கே தெரியவில்லை.

மெயில் போனது. முதலில் போன், 20 நிமிடம். "நான்காவது வாரம் உறுதியா?" என்று மட்டும் கேட்டார். எஸ்டிமேட், உறுதி இல்லை, ரீட்ரை வழுக்கினால் இரண்டாவது வாரமே உங்களுக்குச் சொல்வேன் என்றேன். சரி என்றார். சரி என்றுதான் நினைக்கிறேன்.

அந்தப் பக்கத்து ஆள் · மார்ச் 19, இரவு 10:40

இரண்டாவது வாரம் சொல்ல மறந்துவிடாதீர்கள். நாங்கள் அவருக்கு நான்கு என்று ஏற்கெனவே சொல்லியிருப்போம்.

பின்னிரவு · மார்ச் 19, இரவு 10:42

அதற்குள்ளா?